இரண்டு மதிப்பெண் கூட, பதினோராயிரம் இடம் பின்னே: ஜேஇஇ மெயின் தேர்வின் ஷிஃப்ட் கணக்கு

ஜனவரித் தேர்வின் முடிவு வந்த மறுநாள் மாலை, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் நான் நடத்தும் கணிதத் துணைப்பாட வகுப்புக்கு ஒரு தாயார் வந்தார். அவர் மகன் இங்குள்ள இந்தியப் பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளி ஒன்றில் படிக்கிறான். இந்தியாவில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினைச் சிங்கப்பூர் மையத்திலேயே எழுதியிருந்தான். அவர் கையில் அச்செடுத்த விடைத்தாளும் விடைக்குறிப்பும் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் சரியோ தவறோ குறித்திருந்தார்.

"சார், இவன் 190 எடுத்திருக்கான். இவன் ஃப்ரெண்டு எடுத்தது 178தான். ஆனா அந்தத் தம்பிக்கு 98 வந்திருக்கு, இவனுக்கு 97.1தான். எங்கயோ தப்பு நடந்திருக்கு, சார்" என்றார்.

நண்பன் அதே தேர்வை வேறொரு நாள் எழுதியவன். அவர் மனத்தாங்கலுக்கான விளக்கம் அந்த ஒரு விவரத்தில்தான் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பல குடும்பங்கள் இதே கேள்வியோடு வருவதால், அன்று மேசையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்த பெற்றோருக்கு, எடுத்த மதிப்பெண் வேறு, கடைசியில் கையில் வரும் எண் வேறு என்பது புதிய செய்தியன்று. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2020 வரை டி-ஸ்கோர் முறை இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் `T = 50 + 10 × (X − Y) ÷ Z` என்று கணக்கிட்டார்கள். X என்பது மாணவர் எடுத்தது, Y என்பது அந்தப் பாடத்தில் எல்லாரும் எடுத்ததன் சராசரி, Z என்பது மதிப்பெண்கள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. நான்கு பாடங்களின் டி-ஸ்கோரையும் கூட்டி வந்த மொத்தம்தான் உயர்நிலைப் பள்ளியைத் தீர்மானித்தது. 2021 முதல் ஏஎல் முறை வந்துவிட்டது. அதில் 90-உம் அதற்கு மேலும் எடுத்தால் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2 என்று மதிப்பெண் நேரடியாகத் தரமாகிவிடுகிறது. அடுத்த பிள்ளை எவ்வளவு எடுத்தான் என்பதைப் பொறுத்து இந்தப் பிள்ளையின் தரம் மாறுவதில்லை. ஆகவே இன்று இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகிவிட்டது, பெற்றோருக்கோ டி-ஸ்கோரின் பழைய நினைவு இருக்கிறது. ஆனால் அந்த நினைவை அப்படியே ஜேஇஇக்குப் பொருத்தினால் குழப்பமே வரும். இறுதியாண்டுத் தேர்வில் நாடு முழுவதும் ஒரே தாளைத்தான் எழுதினார்கள். தமிழில் எடுத்த 80-ஐயும் கணிதத்தில் எடுத்த 80-ஐயும் எப்படிக் கூட்டுவது என்பதே டி-ஸ்கோர் தீர்க்க வந்த சிக்கல். ஜேஇஇ மெயினில் எல்லாருக்கும் அதே மூன்று பாடங்கள்தான், தாள்தான் வெவ்வேறு.

இந்தியாவின் தேசியத் தேர்வு முகமை 2019 முதல் நடத்திவரும் இத்தேர்வைக் கணினியில்தான் எழுத வேண்டும். 2025 ஜனவரியில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கப் போதுமான கணினிகள் இல்லை. அதனால் 5 நாள்களில், நாளுக்கு இரண்டு ஷிஃப்டாக, 10 ஷிஃப்டுகளில் தேர்வு நடந்தது. ஒரு ஷிஃப்டுக்குச் சராசரியாக ஒன்றேகால் லட்சம் பேர். முதல் நாள் கேட்ட கேள்வியை இரண்டாம் நாள் கேட்க முடியாது என்பதால் தாளும் பத்து. ஒவ்வொன்றிலும் 75 கேள்விகள், 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும். பத்துத் தாள்களையும் ஒரே கடினத்தில் அமைக்க எந்தக் கேள்வியாளராலும் முடியாது. ஒரு தாளில் கணிதப் பகுதி நான்கைந்து கேள்விகளில் நீண்ட கணக்கீட்டைக் கேட்டால் போதும், நன்றாகப் படித்தவனுக்கும் 15 நிமிடம் போய்விடும், அந்த 15 நிமிடத்தில் விட்ட வேதியியல் கேள்விகளும் சேர்ந்து 20 மதிப்பெண் சரியும்.

கடினமான தாளுக்கு எல்லாருக்கும் 10 மதிப்பெண் கூட்டிக் கொடுத்துவிடலாமே என்று அந்தத் தாயார் கேட்டார். அப்படிச் செய்தால் சரியாக வராது. கடினம் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. 40 மதிப்பெண் எடுக்கக்கூடியவன் எந்தத் தாளிலும் ஏறத்தாழ 40தான் எடுப்பான், ஏனென்றால் அவன் தொடும் எளிய கேள்விகள் எல்லாத் தாளிலும் உண்டு. இழப்பெல்லாம் 150-க்கும் 250-க்கும் இடையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் வேறாக இருக்கும்.

அதனால் முகமை மதிப்பெண்ணைத் திருத்துவதே இல்லை. மதிப்பெண்ணை வைத்து அந்த ஷிஃப்டுக்குள் மாணவர் நிற்கும் இடத்தை மட்டும் கண்டுபிடிக்கிறது.

```
NTA Score = 100 × (அதே ஷிஃப்டில் என் மதிப்பெண்ணும்
            அதற்குக் கீழும் எடுத்தவர்கள்)
            ÷ (அந்த ஷிஃப்டில் எழுதிய அனைவரும்)
```

இதைத்தான் பர்சென்டைல் என்கிறோம். நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும் சதவீதம் வேறு, இது வேறு. மதிப்பெண் பட்டியலில் அச்சாவது இந்த எண்தான். 300-க்கு எத்தனை என்பது அதில் வருவதே இல்லை, அதைப் பெற்றோர்தான் விடைக்குறிப்பை வைத்துக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த 190-ஐச் சரிபார்த்தோம். கேள்விகளும் விடைத் தெரிவுகளும் மாணவருக்கு மாணவர் வரிசை மாறி வரும். மாணவரின் விடைத்தாளில் `Chosen Option` என்ற இடத்தில் 2 என்று இருந்தால், அது அவன் திரையில் இரண்டாவதாக வந்த தெரிவு என்றுதான் பொருள். விடைக்குறிப்போ ஒவ்வொரு தெரிவுக்கும் உள்ள நீளமான அடையாள எண்ணைத்தான் தருகிறது. அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டுமே தவிர, 2-ஐ 2-ஓடு ஒப்பிடக்கூடாது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாக எண் பார்த்தே ஒப்பிட்டிருந்தார், ஆனால் ஓரிடத்தில் கண் வரி மாறியிருந்தது. தவறான விடை ஒன்று சரியாகக் குறிக்கப்பட்டதால் 5 மதிப்பெண் கூடிவிட்டது: கிடைக்காத 4, கழிக்காமல் விட்ட 1. இன்னொன்று, அவர் வைத்திருந்தது முதலில் வெளியிட்ட தற்காலிக விடைக்குறிப்பு. அதை எதிர்த்து ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி முறையிடலாம், முறையீடுகளைப் பார்த்த பிறகு வரும் இறுதி விடைக்குறிப்பைக் கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார்கள். இறுதிக் குறிப்பில் ஒரு கேள்வியின் விடை மாறியிருந்தது, அதில் இன்னும் 5 போனது. உண்மையில் அவன் எடுத்தது 180.

இந்தப் பிழையைக் கண்டுகொள்ள ஒரு நல்ல வழி, அதே ஷிஃப்டில் எழுதிய இன்னொருவரின் எண்களைக் கேட்பது. ஒரே ஷிஃப்டுக்குள் அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு ஒருபோதும் குறைந்த பர்சென்டைல் வராது. அப்படி வந்ததாகத் தோன்றினால் இருவரில் ஒருவர் தம் மதிப்பெண்ணைத் தவறாகக் கூட்டியிருக்கிறார். வெவ்வேறு ஷிஃப்டுகளுக்கு இடையில் இந்த விதி பொருந்தாது.

180 என்று திருத்திய பிறகும் நண்பனைவிட 2 மதிப்பெண் கூடத்தான். எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற ஷிஃப்ட்வாரிப் பட்டியல் நம் கையில் இல்லாததால், அவர்களுக்கு வந்த பர்சென்டைலுக்குப் பொருந்தும்படி நானே எண்களை அமைத்துக் காட்டினேன். மகன் எழுதிய ஷிஃப்டில் 1,25,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 180-உம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 1,21,375 பேர். வகுத்தால் 97.1. அவனுக்கு மேலே 3,625 பேர் இருக்கிறார்கள். நண்பனின் ஷிஃப்டில் 1,20,000 பேர், 178-உம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 1,17,600 பேர், வகுத்தால் சரியாக 98. அவனுக்கு மேலே இருப்பவர்கள் 2,400 பேர்தான். மகனுக்குக் கிடைத்த தாள் எளிதாக இருந்ததால் 180 என்ற மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் அங்கே கூட்டமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் 98 வாங்க வேண்டுமானால் மேலே 2,500 பேர்தான் இருக்கலாம், அதற்கு 196 போல எடுத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் அவன் தாளின் 196-உம் நண்பன் தாளின் 178-உம் ஒரே மதிப்புடையவை.

12.5 லட்சம் பேரில் 98 என்றால் தோராயமாக 25,000-ஆவது இடம், 97.1 என்றால் 36,250-ஆவது இடம். எடுத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் முன்னே நிற்க வேண்டியவன் 11,250 இடம் பின்னே போகிறான். இங்கிருந்து என்ஐடிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான டாசா ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் இந்தத் தரவரிசைதான் அடிப்படை என்பதால், இது வெறும் பெருமைக்கான எண் அன்று. அந்தத் தாயார் நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ஈஸியா இருந்துச்சுன்னு இவன் சந்தோஷப்பட்டது தப்பா, சார்?" என்று கேட்டார். தாள் எளிதாக இருந்தால் அது அவனுக்கு மட்டும் எளிதாக இருக்கவில்லை என்று சொன்னேன்.

பர்சென்டைலை ஏழு தசம இடங்கள் வரை போடுவதற்கும் காரணம் உண்டு. ஒன்றேகால் லட்சம் பேர் உள்ள ஷிஃப்டில் ஒருவர் கூடினால் 0.0008 மாறும். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே எண்ணில் குவிந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலாவதாக வருபவருக்குச் சூத்திரப்படியே 100 வந்துவிடும், ஏனென்றால் எல்லாரும் அவர் எடுத்ததோ அதற்குக் கீழோதான். 2025 ஜனவரியில் 14 பேருக்கு 100 வந்தது இப்படித்தான். அவர்கள் எல்லாரும் 300-க்கு 300 எடுத்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

இந்த முறை முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு ஷிஃப்டிலும் உட்கார்ந்த கூட்டம் திறமையில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறது என்பது. அதற்காகத்தான் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதை மாணவர் விருப்பத்துக்கு விடாமல் முகமையே பிரித்துக் கொடுக்கிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தால், லட்சம் பேர் உள்ள கூட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எவ்வளவு ஒத்திருக்கும் என்பதையும் கணக்கிட முடியும். உண்மையில் நாட்டளவில் 98 பர்சென்டைலில் நிற்கும் ஒருவன், 1,25,000 பேர் உள்ள ஷிஃப்டில் விழும்போது, தற்செயலால் மட்டுமே அவன் எண் 0.04 அளவுக்கு மேலோ கீழோ போகலாம். தரவரிசையில் அது 500 இடம். 25,000-இல் 500 பெரிதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதே மாணவன் 5,000 பேர் மட்டுமே உள்ள ஷிஃப்டில் விழுந்திருந்தால் அந்தத் தடுமாற்றம் 0.2 ஆகியிருக்கும், அதாவது 2,500 இடம். ஷிஃப்டுகளின் அளவு மிகவும் வேறுபடும் தேர்வுகளில் மாணவர்கள் கேள்வி எழுப்புவதற்கு இது போதுமான காரணம்.

உச்சியில் நிலைமை வேறு. பத்தாயிரத்தில் ஒருவன் என்று சொல்லத்தக்க மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஷிஃப்டில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் 12 அல்லது 13 பேர் இருக்க வேண்டும். குலுக்கலில் அது 9 ஆகவும் அமையலாம், 16 ஆகவும் அமையலாம். பத்து ஷிஃப்டுகளுக்கும் சேர்த்துப் பெருக்கினால் அவன் தரவரிசை 90 ஆகவோ 160 ஆகவோ வரும். அவன் செய்ததில் எந்த மாற்றமும் இல்லை, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் மாற்றம். நடுவில் நிற்பவர்களுக்கு நியாயமாக இருக்கும் முறை உச்சியில் நிற்பவர்களுக்குத் தளர்ந்துபோகிறது. ஏழு தசமங்கள் இருப்பதால் அந்த எண் அவ்வளவு துல்லியமானது என்று நம்பிவிடக்கூடாது.

இந்தத் தளர்ச்சி பெரிய வழக்காகவே ஆனது மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வில். 2024 ஆகஸ்டில் அதை இரண்டு ஷிஃப்டாக நடத்தி மதிப்பெண்ணைச் சமன்படுத்தினார்கள். அங்கே சில பத்து இடங்கள் பின்னே போனால் விரும்பிய துறையே கைவிட்டுப் போய்விடும். 2025-லும் இரண்டு ஷிஃப்ட் என்று அறிவித்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு தாள்கள் ஒருபோதும் ஒரே கடினத்தில் இருக்க முடியாது என்ற வாதத்தை ஏற்று, ஒரே ஷிஃப்டில் நடத்த வேண்டுமென்று நீதிமன்றம் 30 மே 2025 அன்று உத்தரவிட்டது. ஜூன் 15-இல் நடக்க வேண்டிய தேர்வைத் தள்ளிவைத்து ஆகஸ்ட் 3-இல் ஒரே ஷிஃப்டாக நடத்தினார்கள். 2 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் எழுதும் தேர்வுக்கு அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஒரே தாளை எல்லாரும் எழுத முடியுமானால் சமன்படுத்தலைத் தொடவே வேண்டாம். 12 லட்சம் பேர் கணினியில் எழுதும் தேர்வுக்கு அந்த வழி இன்று திறந்திருக்கவில்லை. அங்கே சமன்படுத்தாமல் எடுத்த மதிப்பெண்ணை அப்படியே வரிசைப்படுத்துவதுதான் பெரிய அநியாயம்.

மூன்று பாடங்களின் பர்சென்டைலைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்ப்பது பெற்றோர் செய்யும் இன்னொரு தவறு. மொத்தத்துக்கான பர்சென்டைலைத் தனியே, மொத்த மதிப்பெண்ணைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். மூன்றிலும் 97 வாங்கியவனுக்கு மொத்தத்தில் பெரும்பாலும் 97-க்கு மேல்தான் வரும், ஏனெனில் மூன்றிலும் ஒருசேர அப்படி எடுத்தவர்கள் குறைவு. பயிற்சி நிறுவனங்கள் வாட்சாப்பில் சுற்றவிடும் "இத்தனை மார்க்குக்கு இத்தனை பர்சென்டைல்" அட்டவணைகளையும் எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். பத்து ஷிஃப்டுகளையும் ஒன்றாகக் கலந்து எழுதிய அட்டவணையில், மேலே பார்த்த 178-உம் 196-உம் வெவ்வேறு வரிசையில் நிற்கும்.

அந்தத் தாயாரின் கடைசிக் கேள்வி, ஏப்ரலில் மறுபடி எழுத வைக்கலாமா என்பது. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கிறது, இரண்டிலும் எது கூடுதலோ அந்த மொத்த பர்சென்டைலைத்தான் தரவரிசைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எழுதினால் இழப்பில்லை என்பதால் எழுதச் சொன்னேன். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: ஜனவரியின் பத்து ஷிஃப்டுகளுக்குள் மாணவர்களைப் பிரித்துக் கொடுப்பது முகமை. ஜனவரியா ஏப்ரலா என்று பிரிப்பது மாணவரின் சொந்த முடிவு. ஜனவரியில் நல்ல எண் வந்தவர்களில் சிலர் ஏப்ரலில் எழுதுவதில்லை. எழுதுபவர்களில் பலர் பள்ளி இறுதித் தேர்வுக்காகப் பாடம் முழுவதையும் முடித்துவிட்டு வருகிறார்கள். 2025-இல் ஜனவரியில் 12.5 லட்சம் பேரும் ஏப்ரலில் ஏறத்தாழ 9.9 லட்சம் பேரும் எழுதினார்கள். இந்த இரண்டு கூட்டங்களும் ஒரே தரத்தவை என்று யாரும் குலுக்கிப் போட்டு உறுதிசெய்யவில்லை. ஜனவரியின் 98-உம் ஏப்ரலின் 98-உம் ஒன்று என்று முறை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டில் சிறந்ததை எடுப்பதால், 98-உம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையும் இறுதிப் பட்டியலில் கூடிவிடுகிறது. ஜனவரி முடிவை வைத்து 25,000 என்று போட்ட கணக்கு மே மாதத்துக்குத் தாங்காது.

அவன் ஏப்ரலில் எழுதினான். எடுத்தது 171, வந்தது 98.4. ஜனவரியைவிட 9 மதிப்பெண் குறைவு. இந்த முறை தாயார் மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நண்பன் ஏப்ரலில் எழுதவில்லை, ஜனவரியின் 98-ஓடு நின்றுவிட்டான். இறுதிப் பட்டியலில் இவன் அவனுக்கு முன்னே போய்விட்டான். "இப்ப இது சரிதானே, சார்?" என்று கேட்டபோது, இரண்டு ஜனவரி ஷிஃப்டுகளை ஒப்பிடுவதில் எனக்கு இருந்த நம்பிக்கை இந்த ஒப்பீட்டில் எனக்கு இல்லை என்று அவரிடம் சொன்னேன். நண்பனின் பெற்றோர் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.